x-ஆல வகுத்துட்டு பாதி விடையைத் தொலைச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?

சத்துவாச்சாரி பையன்:
ப்ளஸ் டூ அரையாண்டுல வந்த கணக்கு, x⁴ − 4x³ எங்க மேல்நோக்கிக் குழிவுன்னு கேட்டிருந்தாங்க. ரெண்டு தடவை வகையிட்டு 12x(x − 2) > 0 வரைக்கும் சரியா வந்துட்டேன், அப்புறம் சமன்பாட்டுல பண்ற பழக்கத்துல ரெண்டு பக்கமும் 12x-ஆல வகுத்து x > 2ன்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டேன். பேப்பர் குடுக்கிற அன்னைக்கு சார் திட்டல, போர்டுக்கு கூப்ட்டு f''-ல x = −1 போடுன்னாரு. 12 × (−1) × (−3), 36. பிளஸ்ல வருதே, உன் விடையில −1 எங்கடா இருக்குன்னாரு. சாக்பீஸைப் புடிச்சிக்கினு அப்படியே நின்னேன். x மைனஸா இருந்தா வகுக்கும்போது குறி திரும்பும்ல, அப்போ x < 2ன்னு வரும், அதுல x மைனஸா இருக்கிறது மட்டும் எடுத்தா x < 0. அந்தப் பக்கம் மொத்தத்தையும் நானே தூக்கிப் போட்டுட்டேன். இன்னிக்கும் அந்த 36 கண்ணுல நிக்குது.

குடியாத்தம் 2011 பேட்ச்:
இதுக்கு எதுக்கு தம்பி வகுக்கணும். பூஜ்யம் வர்ற இடத்தை எண்கோட்டுல குறி, வலது கடைசியில பிளஸ் போடு, அங்கருந்து மைனஸ், பிளஸ்னு மாத்தி மாத்தி போட்டுக்கினே வா. 0, 2 ரெண்டு புள்ளி, வலதுலேர்ந்து பிளஸ் மைனஸ் பிளஸ், முடிஞ்சிச்சு. நான் எல்லா கணக்கும் இப்படித்தான் போட்டேன், ஒருதடவை கூட மார்க் போகல.

காட்பாடி டியூஷன் அக்கா:
@குடியாத்தம், மார்க் போகலன்னா உங்களுக்கு அந்தக் கணக்கு வரல, அவ்ளோதான். அதே சார்புல f' எடுங்க, 4x²(x − 3). பூஜ்யம் 0, 3. உங்க முறைப்படி 0-க்கு இடதுல பிளஸ் வரும், ஏறுதுன்னு எழுதுவீங்க. −1 போட்டுப் பாருங்க, 4 × 1 × (−4), −16. 1 போட்டா −8. ரெண்டு பக்கமும் மைனஸ். x² எந்தப் பக்கமும் குறி மாத்தாது, அதனால 3 வரைக்கும் இறக்கம்தான், 3-க்கு அப்புறம்தான் ஏற்றம். இரட்டைப்படை அடுக்கு வர்ற இடத்துல மாத்தக்கூடாது, இதை விட்டுட்டு பசங்களுக்கு அந்த முறையைச் சொல்லாதீங்க.

என் அனுபவம் வேற. x + 1/x, f'' = 2/x³. ஒரு பொண்ணு ரெண்டு பக்கமும் x³-ஆல பெருக்கி 2 > 0ன்னு எழுதுச்சு, எப்பவும் உண்மை, அதனால எல்லா இடத்திலும் மேல்நோக்கிக் குழிவுன்னு முடிச்சிடுச்சு. ஒவ்வொரு வரியும் அழகா, அடிச்சல் திருத்தல் இல்லாம. நான் −1 போடச் சொன்னேன், −2 வந்துச்சு, அது நோட்டையே பார்த்துக்கினு எந்த வரி தப்புன்னு தேடுச்சு. அதுக்கப்புறம் பின்னம் வந்தா x⁴-ஆல பெருக்கச் சொல்றேன், அது மைனஸே ஆகாது. 2x > 0ன்னு வந்துடும், x > 0 மட்டும்னு தானா தெரியும்.

ஆம்பூர் அப்பா:
என் பையனுக்கும் இதே பாடம்தான் ஓடுது. ஆனா எனக்குப் புரியல, f'' பிளஸ்னா ஏறுதுன்னுதானே அர்த்தம்? −1ல 36ன்றீங்க, அப்ப அங்க ஏறணும், அக்கா இறங்குதுன்றாங்களே.

சத்துவாச்சாரி பையன்:
இல்லண்ணா, மதிப்பையே போட்டுப் பாருங்க. −2ல 48, −1ல 5, 0ல 0. மொதல்ல 43 இறங்குது, அப்புறம் 5 தான் இறங்குது. இறங்கிக்கினே தான் இருக்கு, ஆனா வேகம் குறையுது. அந்த 36 சொல்றது அதைத்தான். ஏறுதா இறங்குதான்னு f' கிட்ட தான் கேக்கணும்.

குடியாத்தம் 2011 பேட்ச்:
அக்கா சொன்ன x² சரி, ஒத்துக்கறேன். ஆனா இறங்கும் இடைவெளி எழுதும்போது 0-ல f' பூஜ்யம் ஆச்சே, அதை வெட்டி (−∞, 0), (0, 3)ன்னு தனித்தனியா எழுதணும்னு எங்க சார் சொல்வாரு.

காட்பாடி டியூஷன் அக்கா:
வெட்டத் தேவையில்ல. −1ல 5, 0ல 0, 1ல −3, நடுவுல எங்கயும் நிக்கலியே. ஒத்தைப் புள்ளியில f' பூஜ்யமானா இறக்கம் கெடாது. 3-ஐ சேர்த்து மூடின அடைப்பு போடலாமான்னு மட்டும் கேக்காதீங்க, அதுல பேப்பர் திருத்துறவங்களே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

குடியாத்தம் 2011 பேட்ச்:
அதைத்தான் அடுத்து கேக்க வந்தேன்.