ஈல்டில் 112, அல்டிமேட்டில் 111: என் மொமென்ட்-கர்வேச்சர் கோடு கீழே இறங்கிய கதை

கம்பிக்கணக்கு
ஒரு பழைய கட்டடத்தின் பீம் எவ்வளவு வளைந்து தாங்கும் என்று பார்க்கச் சொன்னார்கள். 230 × 450 பீம், கீழே 16 மி.மீ. கம்பி மூன்று, மேல்முகத்திலிருந்து கம்பிக்கு 410 மி.மீ. எம்25 கான்கிரீட், 500 கிரேடு கம்பி. பாதுகாப்புக் காரணிகள் எதையும் போடாமல் மொமென்ட்-கர்வேச்சர் கோட்டுக்கு எக்செலில் மூன்று புள்ளிகள் எடுத்தேன்.

விரிசல் விழும் மொமென்ட் 27 கிலோநியூட்டன்-மீட்டர், அப்போது கர்வேச்சர் மீட்டருக்கு 0.0006. அதே மொமென்ட்டில் விரிசல் விழுந்த செக்‌ஷனைப் போட்டால் 0.0020. கம்பி ஈல்டாகும்போது மொமென்ட் 112.4, கர்வேச்சர் 0.0084. கடைசியில் மேல்முகத்து ஸ்ட்ரெய்ன் 0.0035 ஆகும்போது மொமென்ட் 111.5, கர்வேச்சர் 0.0362. ஈல்டைத் தாண்டினால் மொமென்ட் குறைகிறதே! இரண்டு நாள் ஃபார்முலாவை நோண்டினேன், கூட்டலில் தப்பே இல்லை.

மாடிவீட்டுக்காரர்
டிஃப்ளெக்‌ஷன் பார்க்கத்தானே? எஃபெக்டிவ் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், ஈல்டு வரை எதற்குப் போக வேண்டும்?

கம்பிக்கணக்கு
இல்லை சார், டிஃப்ளெக்‌ஷன் பிரச்சினையே இல்லை. டக்டிலிட்டி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.

பழைய டிசைனர்
தம்பி, ஈல்டு புள்ளியில் மேல்முகத்து கான்கிரீட்டில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு வந்தது?

கம்பிக்கணக்கு
நடுநிலை அச்சு மேலிருந்து 112 மி.மீ. ஸ்ட்ரெய்ன் 0.00094. கான்கிரீட்டின் இலாஸ்டிக் மாடுலஸ் 25000 ஆல் பெருக்கினால் 23.4.

பழைய டிசைனர்
அங்கேதான் வண்டி கவிழ்ந்தது. கியூபில் 25 வாங்கிய கான்கிரீட், பீமுக்குள் இருக்கும்போது அதில் 0.67 பங்குதான் என்று ஐஎஸ் 456 எடுத்துக்கொள்கிறது, அதாவது 16.75. நீங்கள் அதனிடம் 23.4 கேட்டிருக்கிறீர்கள். நேர்கோட்டுக் கணக்கு சர்வீஸ் லோடு வரை சரி. இந்த அளவு கம்பி போட்ட பீமில் ஈல்டு வரை அது வராது.

அல்டிமேட்டுக்குப் போட்ட அதே ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் பரவளைவை ஈல்டுக்கும் போடுங்கள். கம்பியில் ஸ்ட்ரெய்ன் 0.0025 என்று பிடித்துக்கொண்டு, அச்சை நகர்த்தி நகர்த்தி கம்பியின் இழுவை 301.6 கிலோநியூட்டனுக்கு கான்கிரீட்டின் அழுத்தம் சமமாகும் இடத்தைத் தேடுங்கள். நான் போட்டுப் பார்த்தேன். 140-ல் 274 வருகிறது, 146-ல் 299. 146.6-ல் நின்றுவிடும். கான்கிரீட் இளகிப்போவதால் அதே விசையைத் தர அதிக ஆழம் தேவைப்படுகிறது, அச்சு கீழே இறங்குகிறது, அழுத்தத்துக்கும் இழுவைக்கும் நடுவிலுள்ள கை நீளம் 373-லிருந்து 357-க்குக் குறைகிறது. மொமென்ட் 107.8, கர்வேச்சர் 0.0095.

கம்பிக்கணக்கு
வந்துவிட்டது சார்! 107.8-லிருந்து 111.5-க்கு மெதுவாக ஏறுகிறது. கடைசி கர்வேச்சரை ஈல்டு கர்வேச்சரால் வகுத்து டக்டிலிட்டி 4.3 என்று எழுதி வைத்திருந்தேன், இப்போது 3.8. ரிப்போர்ட் இன்னும் போகவில்லை, தப்பித்தேன். அச்சு முதலில் 112, ஈல்டில் 147, கடைசியில் 97 என்று இறங்கி ஏறுவதைப் பார்க்கத்தான் வேடிக்கையாக இருக்கிறது.

சைட்ராஜா
ஈல்டு ஸ்ட்ரெய்ன் 0.0025 என்பதே தப்பு. ஐஎஸ் 456-ல் 0.0042 என்று இருக்கிறது. அதைப் போட்டால் டக்டிலிட்டி இன்னும் குறையும்.

பழைய டிசைனர்
ஐஎஸ் 456-ல் இருப்பது உண்மைதான். முறுக்குக் கம்பிக்குத் தெளிவான ஈல்டு கிடையாது, அதனால் 0.002-ஐச் சேர்த்து, 1.15-ஆல் வகுத்த டிசைன் ஸ்ட்ரெஸ்ஸுக்கு அந்த எண் வருகிறது. இங்கே நாம் காரணியே போடவில்லை. டிஎம்டி கம்பியை இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தட்டையான ஈல்டு தெரியும். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் இருந்தால் அதில் உள்ள ஈல்டைப் போடுவதுதான் நல்லது. 500 கம்பி 540, 550 காட்டுவது வழக்கம்.

லேப்பில் படுத்தவள்
என் எம்.இ. புராஜெக்ட்டில் இதே மாதிரி பீமை உடைத்தோம். கணக்கில் 0.0006-லிருந்து 0.0020-க்கு ஒரே தாவல் இருந்தது, சோதனையில் அப்படி எதுவும் வரவில்லை. டயல் கேஜ் முள் லேசாகத் துள்ளியது, கோடு அங்கிருந்து சாய்ந்துகொண்டே போனது, அவ்வளவுதான். இரண்டு விரிசலுக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட் இன்னும் இழுவை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று கைடு சொன்னார். அதோடு, புரோகிராமில் மொமென்ட்டை ஏற்றிக்கொண்டே போனால் விரிசல் புள்ளியில் தாவிவிடும், ஈல்டுக்கு மேல் விடையே கிடைக்காமல் நின்றுவிடும். கர்வேச்சரை ஏற்றி மொமென்ட்டைக் கண்டுபிடித்தால்தான் முழுக்கோடும் வரும். எனக்கு ஒரு செமஸ்டர் போன பிறகுதான் உறைத்தது.

கம்பிக்கணக்கு
கடைசியாக ஒன்று. 0.0035-ல் நிறுத்திவிடலாமா? ஓரத்தில் ஸ்டிரப் 100 மி.மீ. இடைவெளியில் இருக்கிறது.

சைட்ராஜா
ஸ்டிரப் இருந்தால் தாராளமாக 0.01 வரை போகலாம்.

பழைய டிசைனர்
உள்ளே கட்டுண்ட கான்கிரீட் தாங்கும், மேலே உள்ள கவர் உதிர்ந்துவிடும். கவரைக் கழித்துவிட்டுப் போட்டால் மொமென்ட் வேறு, கர்வேச்சர் வேறு. ஸ்டிரப் கொக்கி 135 டிகிரி மடித்திருக்கிறதா, 90 தானா? ஒரு இடத்தில் கவரை உடைத்துப் பார்க்காமல் நான் 0.0035-ஐத் தாண்ட மாட்டேன்.

கம்பிக்கணக்கு
வியாழக்கிழமை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.