பட்டனை முடக்கினால் போதுமா: ஃப்ரண்ட் எண்டா, பேக் எண்டா, மொபைலா, எதை முதலில் படிப்பது?

தொடக்கநிலை:
எனக்கு எச்.டி.எம்.எல்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். சாஃப்ட்வேர் வேலைக்குப் போக ஃப்ரண்ட் எண்ட், பேக் எண்ட், மொபைல் மூன்றில் எதை முதலில் படிப்பது? ஒரு சீனியர், "ஃப்ரண்ட் எண்ட் போதும், ஆர்டர் இரண்டு முறை போகாமல் தடுப்பதைக்கூட பட்டனை `disabled` செய்தே முடித்துவிடலாம், அதற்கெல்லாம் பேக் எண்ட் வேண்டாம்" என்கிறார். சரியா?

வேர்முனை:
தப்பு. இந்த மாதிரி அறிவுரையைக் கேட்டு வேலைக்கு வருகிறவர்கள் விட்டுப்போனதை இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தவன் என்பதால் கோபமாகவே சொல்கிறேன். அந்த சீனியர் எழுதிய பக்கத்தை ஒருவர் இரண்டு டேபில் திறந்து வைத்திருந்தால் எந்த டேபில் இருக்கும் பட்டனை முடக்குவார்? `disabled` என்பது அந்த ஒரு டேபுக்குள், அந்தப் பக்கம் திறந்திருக்கும் வரைக்கும்தான். நெட் இழுத்துக்கொண்டே இருக்கிறது, பொறுமை போய் ரீலோட் செய்கிறார், பட்டன் மறுபடி அழுத்தத் தயாராக நிற்கும். முதலில் அனுப்பிய ரிக்வெஸ்ட் அதற்குள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பட்டனே இல்லாமல் இதை உங்கள் டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள், தம்பி:

```
curl -X POST localhost:3000/orders -d 'cart=17' &
curl -X POST localhost:3000/orders -d 'cart=17' &
wait
```

ஆர்டர் டேபிளில் 17-க்கு இரண்டு வரி விழுந்திருந்தால் உங்கள் பட்டன் எதையும் தடுக்கவில்லை. பேக் எண்டை முதலில் படியுங்கள்.

நிறமாலை:
வந்துவிட்டார். யார் எதைக் கேட்டாலும் இவருக்கு பேக் எண்ட்தான். ஆர்டர் போடுகிறவர் டெர்மினலைத் திறந்து `curl` அடித்தா போடுகிறார்? அவசரத்தில் இரண்டு முறை அழுத்திவிடுகிறார், அவ்வளவுதான், அதற்கு `disabled` போதும். தொடக்கநிலைக்கு ஏற்கனவே எச்.டி.எம்.எல். தெரியும், ஃப்ரண்ட் எண்டில் எழுதியது உடனே கண்ணில் தெரியும், தப்பும் உடனே தெரியும், அதனால் அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. சர்வரிலும் பூட்டு வேண்டும் என்றால் இரண்டு வரி போதுமே, இதற்காக ஒரு வருடம் பேக் எண்ட் படிக்க வேண்டுமா?

```
const old = await findOrder(cartId);
if (!old) await createOrder(cartId);
```

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஒரே த்ரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாகத்தான், ஓடுகிறது, இரண்டு ரிக்வெஸ்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைய வழியே இல்லை. அப்புறம், சி.எஸ்.எஸ். எழுதுவதெல்லாம் புரோகிராமிங்கே இல்லை என்று போனமுறை சொன்னவர் இதே வேர்முனைதான். நான் மறக்கவில்லை.

வேர்முனை:
சி.எஸ்.எஸ். கதையைப் பிறகு பேசலாம், உங்கள் இரண்டு வரியை எடுத்துக்கொள்வோம். ஒரே த்ரெட் என்பது சரிதான், ஆனால் நீங்களே `await` போட்டிருக்கிறீர்கள். முதல் ரிக்வெஸ்ட் `findOrder`-இல் டேட்டாபேஸைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது. அது நிற்கும் நேரத்தில் நோட் சும்மா இருக்காது, இரண்டாவது ரிக்வெஸ்ட்டை எடுத்துக்கொள்ளும். அதுவும் போய்க் கேட்கும். இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால் இருவருக்கும் "இல்லை" என்றே பதில் வரும். இருவரும் `createOrder`-க்குள் போவார்கள். இரண்டு ஆர்டர்.

உங்கள் மெஷினில் இது எப்போதாவதுதான் தெரியும், ஏனென்றால் டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருக்கிறது, பதில் உடனே வந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் இரண்டு விநாடி தாமதம் போட்டுவிட்டு 17-இன் பழைய வரிகளை அழித்துவிட்டு மேலே கொடுத்த `curl`-ஐ ஓட்டுங்கள், இப்படி ஓட்டும் ஒவ்வொரு முறையும் இரட்டையாகவே விழும். பார்த்துவிட்டு எழுதலாம் என்ற இடைவெளிதான் ஓட்டை. அதை டேட்டாபேஸில் அடைப்பதுதான் உறுதி, ஒரு கார்ட்டுக்கு ஒரு வரிக்கு மேல் எழுதவிடாமல்:

```
ALTER TABLE orders
  ADD CONSTRAINT one_order_per_cart UNIQUE (cart_id);
```

டேபிளில் ஏற்கனவே இரட்டை வரி இருந்தால் இந்தக் கட்டளையே நிறைவேறாது. உங்கள் சீனியரின் டேபிளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், `disabled` இத்தனை நாள் காப்பாற்றியதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அரைநாழிகை:
ஜாவாவா பைத்தானா என்றுதானே கேள்வி? நான் ஜாவாவில் ஆரம்பித்தேன். கம்பைலர் தப்பை முன்கூட்டியே சொல்லிவிடும், அதனால் ஜாவா.

வேர்முனை:
கேள்வி அது இல்லை, சார். இந்தத் தப்பை எந்த கம்பைலரும் சொல்லாது.

கைப்பேசிக்கயல்:
இரண்டு பேரும் பிரவுசரை மட்டுமே உலகம் என்று பேசுகிறீர்கள். என்னுடைய முதல் வேலையில் ஆண்ட்ராய்டு ஆப், அதே ஆர்டர் பட்டன், நான்தான் எழுதினேன், ஒழுங்காக முடக்கியும் வைத்தேன். டெஸ்டிங்கில் எல்லாம் சரி. வெளியே போன பிறகு இரட்டை ஆர்டர் வர ஆரம்பித்தது. மூன்று நாள் தேடி ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் பட்டனை அழுத்திவிட்டு போனைப் படுக்கவைத்துத் திருப்பினேன். ஸ்கிரீன் திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை நடத்தும் ஆக்டிவிட்டியை அழித்துப் புதிதாகக் கட்டும். பட்டன் முடங்கிய நிலையை ஆக்டிவிட்டியிலேயே வைத்திருந்தேன், அதோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. வியூமாடலுக்கு மாற்றினேன், திருப்பினால் தாங்கியது. ஆனால் ஆப் பின்னால் போயிருக்கும்போது மெமரி போதாமல் சிஸ்டம் அந்த ப்ராசஸையே கொன்றால் வியூமாடலும் கூடவே போகும்.

இதைவிடப் பெரிய பாடம் அப்புறம்தான். திருத்திய ஆப்பை அன்றே அனுப்பினோம், வாரக்கணக்கில் இரட்டை ஆர்டர் நிற்கவே இல்லை, ஏனென்றால் பாதிப் பேர் அப்டேட் செய்யவில்லை. வெப் பக்கம் என்றால் அடுத்த ரீலோடில் திருத்திய பக்கமே வந்துவிடும். ஒருவர் போனில் உட்கார்ந்துவிட்ட பழைய ஆப்பை நான் தொட முடியாது. முடிவில் சர்வரில்தான் தடுத்தார்கள். "ஆப் டீமின் தப்பு" என்று ரிப்போர்ட்டில் என் பெயர்தான் போனது, அது இன்னும் உறுத்துகிறது. இதனால்தான் சொல்கிறேன், மொபைலில் ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் தானாகக் கற்றுக்கொள்வீர்கள், வேறு வழியே இருக்காது.

வேர்முனை:
கயல், நீங்கள் சொன்னது முழுக்க என் வாதம். சர்வரில்தான் தீர்ந்தது என்று நீங்களே எழுதிவிட்டு மொபைலை முதலில் படி என்கிறீர்கள். ஒன்றுமே தெரியாத ஒருவர் ஆக்டிவிட்டி, வியூமாடல், ஸ்டோர் அனுமதி, பழைய வெர்ஷன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுமந்தால், இரட்டை ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்று தேடவே தெரியாது. உங்களுக்கே மூன்று நாள் ஆனதே.

கைப்பேசிக்கயல்:
அந்த மூன்று நாளில் கற்றது இன்றுவரை சோறு போடுகிறது. சர்வர்காரர்கள் யாரும் அன்று என் பக்கத்தில் உட்காரவில்லை.

நிறமாலை:
ஒன்று கேட்கிறேன், வேர்முனை நேராகப் பதில் சொல்லட்டும். `UNIQUE` போட்டாச்சு. இரண்டாவது ரிக்வெஸ்ட் போய் முட்டுகிறது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 'இது ஏற்கனவே இருக்கிறது' என்று 23505 எரர் தருகிறது, உங்கள் ஆட்கள் அதைப் பிடிக்காமல் விட்டு சர்வர் எரர் என்று 500-ஐ அனுப்புகிறார்கள். திரையில் "ஆர்டர் தோல்வி" என்று வருகிறது. ஆனால் முதல் ஆர்டர் உள்ளே போய்விட்டது! வாங்குகிறவர் என்ன செய்வார்? போகவில்லை என்று நம்பி, புதிதாக கார்ட் போட்டு மறுபடி வாங்குவார். இப்போது `cart_id` வேறு, உங்கள் பூட்டு அவரைத் தடுக்காது. டேட்டாபேஸ் சுத்தமாக இருக்கிறது, வாங்குகிறவரிடம் இரண்டு ஆர்டர் இருக்கிறது. திரையில் என்ன தெரிகிறது என்று யோசிக்கப் பழகாதவர் எழுதும் பேக் எண்ட் இப்படித்தான் இருக்கும். பட்டனை முடக்கியிருந்தால் அந்த இரண்டாவது ரிக்வெஸ்ட்டே கிளம்பியிருக்காது.

வேர்முனை:
23505-ஐப் பிடிக்காமல் 500 அனுப்புகிறவர் பேக் எண்ட் சரியாகப் படிக்காதவர், அதுவும் என் பக்கம்தான் சேரும். `ON CONFLICT (cart_id) DO NOTHING` என்று எழுதிவிட்டு, அதே கார்ட்டுக்கு ஏற்கனவே இருக்கும் ஆர்டரைத் தேடி எடுத்து, முதல் முறை கொடுத்த அதே பதிலைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டாவது முறை கேட்டவருக்கும் ஆர்டர் எண் கிடைக்கும், அவர் மறுபடி வாங்க மாட்டார். டேபை மூடினாலும் போனைத் திருப்பினாலும் இது நிற்கும். பட்டன் நிற்காது.

தொடக்கநிலை:
அண்ணா, `curl`-ஐ ஓட்டிப் பார்த்தேன், தாமதம் போட்டதும் இரண்டு வரி விழுந்தது. `UNIQUE` போட்டதும் ஒன்றுதான். ஆனால் என் சின்ன ப்ராஜெக்டில் கார்ட்டே இல்லை, ஒரே பொருள், ஒரே ஃபார்ம். அதனால் கிளிக் ஹேண்ட்லரில் `crypto.randomUUID()` என்று ஒரு சாவி செய்து அனுப்பி, டேபிளில் அந்தச் சாவி விழும் நெடுவரிசைக்கு `UNIQUE` போட்டேன். இரண்டு முறை அழுத்தினால் இரண்டு ஆர்டர் வருகிறது. பூட்டு வேலை செய்யவில்லையா?

கைப்பேசிக்கயல்:
பூட்டு வேலை செய்கிறது, நீங்கள்தான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுச் சாவி செய்கிறீர்கள். இரண்டு சாவியும் வேறு வேறு, டேட்டாபேஸுக்கு அவை இரண்டு தனி ஆர்டர். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு சாவி செய்து `sessionStorage`-இல் வையுங்கள், எத்தனை முறை அழுத்தினாலும், ரீலோட் செய்தாலும் அதே சாவி போகட்டும். ஆர்டர் உறுதியானது என்று பதில் வந்த பிறகுதான் அழிக்க வேண்டும். பதில் வராமல் டைம் அவுட் ஆனால் அழித்துவிடாதீர்கள், நான் அழித்துவிட்டு மாட்டியிருக்கிறேன்.

நிறமாலை:
பாருங்கள், சாவி பிறப்பது ஃப்ரண்ட் எண்டில். அதே பொருளை ஒருவர் வேண்டுமென்றே இரண்டாவது முறை வாங்கினால் அது சர்வருக்கு எப்படித் தெரியும்? புது வாங்கலா, பழையதை மறுபடி அனுப்பியதா என்பது ஃபார்மை எழுதியவருக்குத்தான் தெரியும். தொடக்கநிலை, ஃப்ரண்ட் எண்டில் தொடருங்கள்.

வேர்முனை:
தனித்தனியாகத் திறந்த இரண்டு டேபில் `sessionStorage` இரண்டு சாவி தரும். அந்தச் சாவியை சர்வரே கொடுத்து, அந்த ஆளோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் இருந்தே சொல்கிறேன்.

நிறமாலை:
முதலில் இருந்து நீங்கள் சொன்னது `cart_id`. மேலே போய்ப் படியுங்கள்.

வேர்முனை:
அதுவும் சர்வர் கொடுத்த எண்தான். தொடக்கநிலை, அடுத்த மாதம் முழுக்க அந்த ஒரு ஃபார்மை வைத்தே டிரான்சாக்‌ஷன் படியுங்கள், ஃப்ரேம்வொர்க் பக்கம் போகாதீர்கள்.

நிறமாலை:
பட்டனையும் முடக்குங்கள். எரர் வந்தால் மறுபடி திறக்கவும் மறக்காதீர்கள், `finally`-க்குள் போடுங்கள். இவர் அதைச் சொல்லவே மாட்டார்.

அரைநாழிகை:
ஜாவாவிலும் `finally` உண்டு.