என்எம்ஆர் கோசி வரைபடத்தில் ஒரு புள்ளி தெரியவில்லை, உதவுங்கோ

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். தோடம்பழத் தோலில் பிரித்த பொருள் பிளாவனோன் என்றுதான் நினைக்கிறேன். எச்எஸ்கியூசியில் 3.1, 2.7 பிபிஎம் புரோட்டான்கள் இரண்டும் 43 பிபிஎம் கார்பன் ஒன்றிலேயே விழுவதால் அது CH₂, கோசியில் அவை இரண்டுக்கும் இடையில் உள்ள பெரிய புள்ளி 17 ஹெர்ட்ஸ் பிணைப்பு, அதை அயல் கார்பன் என்று எடுக்க ஏலாது. சரி, 5.4இல் உள்ள CH (கார்பன் 79) 3.1உடன் 13 ஹெர்ட்ஸில் நன்றாகச் சேருகிறது. ஆனால் 2.7உடன் சேரும் புள்ளியைக் காணவே இல்லை!

ஒற்றைப் பரிமாண நிறமாலையில் அந்த 3 ஹெர்ட்ஸ் பிளவு தெளிவாக இருக்கிறது. பிணைப்பு சின்னது என்பதால் எதிர்க்குறி உச்சங்கள் ஒன்றையொன்று அழித்திருக்குமோ? இரண்டாம் அச்சில் 128 புள்ளிகள்தான் எடுத்தது. 512 ஆக்கித் திரும்ப ஓட்டினால் வருமா, இல்லை நீள்தூரக் கோசிதான் வேணுமா? செய்து பார்த்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கோ.