"மறுக்கிறேன்" அமத்தியும் குக்கி கிடக்கு: உங்கட சைட்டில என்ன கண்டீங்க?

அறுகம்பே_அலை
கெஸ்ட்ஹவுஸ் சைட் ஒண்டு. விலை யூரோவில, ஜேர்மன் மொழிப் பக்கமும் இருக்கு. கீழ குக்கிப் பெட்டி, ரெண்டு பட்டனோட. ஒரு விருந்தாளி "மறுக்கிறேன்" அமத்திப்போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். கூகிள்ர `_ga`, பேஸ்புக்ர `_fbp` ரெண்டும் உள்ள கிடக்கு. "அப்ப என்னத்துக்கு என்னட்டக் கேட்டீங்க?" எண்டு ஒரே வரி. பதில் எழுத ஒண்டுமில்ல.

கல்முனை_நானா
நாம இலங்கையில இருக்கிறம், ஐரோப்பாச் சட்டம் நமக்கு ஒட்டாது. பிரைவசி பக்கத்தில குக்கி பற்றி ரெண்டு வரி போட்டாக் காணும்.

வாவிக்கரை
நானா, பாதிதான் சரி. அங்கயிருந்து சைட்டத் திறக்க ஏலும் எண்டதுக்காக மட்டும் அந்தச் சட்டம் வராது. ஆனா யூரோ விலை, ஜேர்மன் பக்கம் எல்லாம் அவங்களத்தான் கூப்பிடுது எண்டதுக்குச் சாட்சி. குக்கிக்கெண்டு தனிப் பக்கம் வேணாம் எண்டதும் சரி. ஆனா சம்மதம் கேக்கவேணும், அதுவும் குக்கி விழ முதல்ல.

பிழை பெட்டியில இல்ல. ட்ராக்கிங் ஸ்கிரிப்ட் பக்கத்தோடயே ஓடுது, பெட்டி மேல வெறும் திரை. இன்கொக்னிட்டோவில திறந்து, ஒண்டும் அமத்தாம F12, Application, Cookies பாருங்க. `PHPSESSID` போல புக்கிங்குக்குத் தேவையானது இருக்கலாம், அதுக்குச் சம்மதம் வேணாம். `_ga` அப்பவே இருந்தா, சம்மதத்துக்குப் பிறகுதான் ஸ்கிரிப்ட் ஓடுற மாதிரிக் கட்டவேணும். பிரைவசி பக்கத்தில `_ga` ரெண்டு வருசம், `_fbp` 90 நாள், ஆருக்குப் போகுது எண்டு எழுதுங்க.

மருதமுனை_கைத்தறி
எங்கட கதை வேற. கார்ட் பேமென்ட் கேட்வேக்கு விண்ணப்பிச்சா, விதிமுறைப் பக்கத்தப் பாத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கயோ கொப்பி அடிச்சதில "வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்தில" எண்டு கிடந்திச்சு. சாறன் விக்கிற கடைக்கு!

வாவிக்கரை
அது குக்கி இல்ல, ஆனா நல்ல பாடம். துணிக்கடை விதிமுறையில வெட்டின துணி திரும்ப எடுப்பமா, தபால் காசு ஆர்ர தலையில, பணம் எத்தன நாளில திரும்பும் எண்டதுதான் முதல்ல வேணும். ரூமுக்கெண்டா "7 நாளுக்கு முன் ரத்துச் செய்யலாம்" காணாது. செக்-இன் நாள் பிற்பகல் 2 மணி, இலங்கை நேரம், அதுக்குச் சரியா 7 நாள் முன் வரைக்கும் எண்டு எழுதவேணும். இல்லாட்டி பெர்லினில இருக்கிற ஆளுக்கு அண்டைக்கு இன்னும் நேரம் கிடக்கும்.

ஆரும் கேக்கல, எண்டாலும் சொல்றன்: வாட்ஸ்அப்பில வாற பாஸ்போட் படத்தப் பிரைவசி பக்கத்தில ஒருத்தரும் எழுதுறதில்ல. ஏன் வாங்கிறம், எந்தப் போனில கிடக்கு, எப்ப அழிப்பம்? நம்மட 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலயும் நோக்கம் முடிஞ்ச பிறகு வச்சிருக்கக் கூடாது எண்டுதான் எழுதியிருக்கு.

கல்முனை_நானா
எல்லாஞ் சரி. சம்மதத்துக்குப் பிறகுதான் `_ga` எண்டா, அனலிட்டிக்ஸில வாற ஆக்கள்ர கணக்குக் குறைஞ்சு போகும். முதலாளிக்கு ஆர் விளங்கப்படுத்துற?

அறுகம்பே_அலை
குறைஞ்சிட்டு. விளம்பரம் வேல செய்யல எண்டு நேத்தே கேள்வி வந்திட்டு.