மேற்குச் சன்னலில் மழைநீர் இறங்குகிறது: அலுமினியத்தை எடுத்துவிட்டு யுபிவிசியா, தேக்கா?

கானாடுகாத்தான்_மாடிவீடு: ஐப்பசி மழையில் மாடியறைச் சன்னல் வழியே தண்ணீர் வந்து சுவர் ஊறிவிட்டது. பிற்பகலில் அலுமினியச் சட்டத்தில் கை வைக்க முடியவில்லை. யுபிவிசி, தேக்கு இரண்டில் எது நீண்ட காலத்துக்குச் சிக்கனம்? தச்சர் நாளை வருகிறார்.

செங்கல்சூளை: நகரும் கதவா, திறக்கும் கதவா? தண்ணீர் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வருகிறதா, டிராக்கிலிருந்து வழிகிறதா?

பள்ளத்தூர்க்காரன்: அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்தும், யுபிவிசி போட்டால் அறை குளிர்ந்துவிடும்.

மூத்த_மேஸ்திரி: அடிப்படை தெரியாமல் பதில் எழுதாதீர்கள். சட்டம் சுடுவது உண்மைதான். ஆனால் சன்னலின் பரப்பில் பெரும்பகுதி கண்ணாடி, அறைக்குள் வரும் வெயிலும் அதன் வழியேதான் வருகிறது. மாலை வெயில் சாய்ந்து விழுவதால் மேற்கே சன்ஷேடும் முழுவதும் காக்காது. வெளிப்புறம் மூங்கில் திரை தொங்கவிட்டால், சட்டத்தை மாற்றுவதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கும்.

தேவகோட்டை_பெரியவீடு: எங்கள் பாட்டனார் வீட்டில் பர்மாத் தேக்குச் சன்னல்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. தேக்கையே போடுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்: அந்தத் தேக்கு இன்று எங்கே கிடைக்கிறது? மழை படும் மரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயோ பாலிஷோ பூச வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தேவகோட்டை_பெரியவீடு: பூசினால் தலைமுறை தாண்டும். யுபிவிசிக்குள் இரும்பு வைக்காமல் ஏமாற்றிவிட்டால் அகலமான கதவு தொய்ந்துவிடுமே?

கானாடுகாத்தான்_மாடிவீடு: நகரும் கதவுதான். டிராக்கில் தண்ணீர் தேங்கி உட்பக்கம் வழிகிறது.

செங்கல்சூளை: அப்படியானால் எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நகரும் சன்னலின் டிராக்கில் மழைநீர் விழுவது இயல்பே. அது வெளிமுகத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேற வேண்டும். துளையில் மண்ணோ, சுவருக்குப் பூசிய சிலிக்கோனோ அடைத்திருந்தால் தண்ணீர் உள்விளிம்பைத் தாண்டிவிடும். டிராக்கில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே சொட்டாமல் மட்டம் அப்படியே நின்றால் அடைப்பு உறுதி. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு மீண்டும் ஊற்றிப் பாருங்கள். நகரும் யுபிவிசி சன்னலுக்கும் இதே வடிகால்தான் என்பதால், பொருளை மாற்றினாலும் அடைப்பு வந்தால் இதே நிலைதான். பலத்த காற்று மழையைச் சன்னல்மீது அடித்தால் துளை திறந்திருந்தும் தண்ணீர் ஏறலாம். அதற்கு ரப்பரில் அழுந்தி மூடும் திறப்புக் கதவே மேல். செலவைப் பொறுத்தவரை, அலுமினியச் சட்டம் எளிதில் கெடாது; தேய்வது உருளையும் ரப்பரும்தான். அவற்றை மட்டும் மாற்றுவதே இப்போதைக்கு மிகக் குறைந்த செலவு.

மூத்த_மேஸ்திரி: அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிவாக உள்ளதா என்பதையும் பாருங்கள். உட்பக்கம் சாய்ந்திருந்தால் எந்தச் சட்டமும் உதவாது.

கானாடுகாத்தான்_மாடிவீடு: துளைகள் இரண்டிலும் குளவி மண். எடுத்ததும் தண்ணீர் வெளியே போய்விட்டது; தச்சரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இடது மூலையில் சுவரோரம் இன்னும் ஈரம் கசிகிறது.

செங்கல்சூளை: அந்த மூலை வேறு பிரச்சினை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பூச்சு விரிந்திருக்கிறதா? வெளிப்பக்கத்துப் படம் ஒன்று போடுங்கள்.