ஒரே வருஷத்துல ரெண்டு கம்பெனி சம்பளம், டாக்ஸ் குறைவுன்னு நோட்டீஸ், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், நாங்க மண்டபம் பக்கம். தம்பி சென்னைல வேலை, 2024-25ல பாதி வருஷம் ஒரு கம்பெனி, அக்டோபர்ல இருந்து வேற கம்பெனி. முதல்ல 5,10,000, அடுத்ததுல 6,15,000. ரெண்டு பேருமே தனித்தனியா 75,000 கழிச்சு, புது முறைல 7 லட்சத்துக்குள்ள வருதுன்னு டிடிஎஸ் பிடிக்கவே இல்ல. பழைய சம்பளத்த புது கம்பெனிக்கு 12பி படிவத்துல சொல்லணுமாம், ஜாயின் பண்ணப்ப ஹெச்ஆர் அதைக் கேக்கவே இல்ல.

ராமநாதபுரத்துல ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரு கடைசி ஃபார்ம் 16 மட்டும் வச்சு போட்டுட்டாரு. இப்ப 143(1)(a)ன்னு மெயில், 30 நாள்ல பதில் சொல்லணும். ஏஐஎஸ் திறந்து பாத்தா சம்பளம்ங்கிற இடத்துல ரெண்டு கம்பெனி பேரும் கீழ கீழ நிக்குது.

நானே கணக்கு போட்டேன். மொத்தம் 11,25,000, அதுல 75,000 ஒரு தடவதான் கழியும், மீதி 10,50,000. 3 லட்சத்துக்கு மேல 7 வரைக்கும் 20,000, 10 வரைக்கும் 30,000, மிச்ச 50,000க்கு 7,500, செஸ் சேத்து 59,800. வட்டி தனி. 7 லட்சம் தாண்டிட்டதால தள்ளுபடியும் கிடையாது. வீட்டுல அம்மா பயந்து போய் இருக்காங்க.

கேள்வி இதான்: நோட்டீஸுக்கு ஒத்துக்கிறேன்னு பதில் போட்டா போதுமா, இல்ல பணத்தைக் கட்டிட்டு டிசம்பர் 31க்குள்ள திருத்தின ரிட்டர்னும் போடணுமா? சலான்ல 300ஆ 400ஆ? இதே மாதிரி வந்து முடிச்சவங்க யாராச்சும் இருந்தா எந்த வரிசைல செஞ்சீங்கன்னு சொல்லுங்க, ராமநாதபுரம் பக்கம் நல்ல ஆடிட்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க.