ஒரே மாதிரி பெயரில் இரண்டு கம்பெனி, பாசிக் காசுக்கு யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

பாம்பன் கணக்கு:
எங்கள் மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். 2024 அக்டோபரில் காய்ந்த கடற்பாசி இரண்டு லோடு ஏற்றிவிட்டோம். ரூ.1,86,000 இன்னும் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று, கம்பெனிப் பதிவுகளைக் காட்டும் எம்சிஏ தளத்தில் பெயரைத் தேடினால் இரண்டு வருகிறது. ஒன்று "... மரைன் பிராடக்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்", இன்னொன்று "... மரைன் பிராடக்ட் இந்தியா பிரைவேட் லிமிடெட்". முதல் சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பழைய கம்பெனிக்கு Strike Off, அதாவது பெயர் நீக்கம் என்று போட்டிருக்கிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. பில்லில் வெறும் "மரைன் பிராடக்ட்ஸ்" மட்டும்தான். இரண்டின் பதிவு எண்கள், அதாவது சிஐஎன், இவை:

```
U15xxxTN2009PTC0xxx17   Strike Off
U15xxxTN2019PTC1xxx62   Active
```

தொண்டி மீன்கடை:
தங்கச்சி, பில்லில் "2009 முதல்" என்று அச்சடித்திருந்தால் பழைய கம்பெனிதான். காசு போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை ஆடிட்டர் ஆபீஸ்:
அவசரப்பட வேண்டாம் அண்ணே. "2009 முதல்" என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அது விளம்பரம். அக்கா, பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான். அந்தப் பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பாம்பன் கணக்கு:
இருக்கிறது. 2021 பில்லும் கையில் இருக்கிறது. இரண்டிலும் 33, ஆனால் நடுவில் உள்ள பத்து எழுத்து வேறு. நான்காவது எழுத்து இரண்டிலும் C, அதாவது கம்பெனி.

தொண்டி மீன்கடை:
ஜிஎஸ்டி எண் வேறு என்றால் கம்பெனி வேறு, முடிந்தது கதை.

கீழக்கரை ஆடிட்டர் ஆபீஸ்:
இங்கே அது சரி, எப்போதும் சரியில்லை. ஒரே கம்பெனி குஜராத்திலும் பாசி வாங்கினால் அங்கே 24-இல் தொடங்கும் இன்னொரு எண் வாங்கியிருக்கும், பான் மாறாது. முழு எண்ணையும் ஒப்பிட்டால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவீர்கள்.

அக்கா, ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer-இல் 2024 பில்லின் எண்ணைப் போடுங்கள். Legal Name என்று வருவதை எம்சிஏ பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிராடக்ட்டா பிராடக்ட்ஸா, "இந்தியா" இருக்கிறதா என்பதுதான் இங்கே முடிச்சு. Trade Name-ஐப் பார்க்காதீர்கள், கடைப் பெயரை எப்படியும் வைத்துக்கொள்ளலாம். எம்சிஏ பக்கத்தில் பான் காட்டாது. அதனால் இரண்டு தளத்தையும் இணைப்பது இந்தப் பெயரும் முகவரியும்தான்.

மண்டபம் படகு:
என் கேஸ் வேறு. போர்டில் "மரைன்ஸ்" என்று பெரிய எழுத்து, பானில் நான்காவது எழுத்து P. தனியாள்! எம்சிஏ-வில் ஒரு வாரம் தேடினேன், எப்படிக் கிடைக்கும்?

பாம்பன் கணக்கு:
பார்த்துவிட்டேன். 2024 எண்ணுக்கு "பிராடக்ட் இந்தியா" என்று வருகிறது, Active. பதிவு தேதி 2019 ஆகஸ்ட். எம்சிஏ-வில் அந்தக் கம்பெனி தொடங்கியது 2019 ஜூலை. 2021 எண் பழைய கம்பெனியுடையது, அதன் பதிவு தேதி 01/07/2017. 2009 கம்பெனிக்கு 2017 எப்படி? அப்புறம் இரண்டுக்கும் பதிவு அலுவலகம் சென்னையில் ஒரே முகவரி. அப்படியென்றால் ஒரே கம்பெனிதானே?

கீழக்கரை ஆடிட்டர் ஆபீஸ்:
01/07/2017 ஜிஎஸ்டி வந்த நாள். வாட்டில் இருந்தவர்களை அப்படியே மாற்றியதால் பலருக்கும் அந்தத் தேதிதான். கம்பெனி பிறந்த வருடத்துக்கு சிஐஎன் நடுவில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஒரே முகவரியை நம்ப முடியாது, ஆடிட்டர் ஆபீஸ் முகவரியில் பத்து கம்பெனி உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆபீஸிலேயே ஏழு! இரண்டு பக்கத்திலும் இயக்குநர்களின் அடையாள எண்ணான DIN-ஐப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகலாம், DIN ஒருவருக்கு ஒன்றுதான். அது ஒன்றாக இருந்தாலும் ஒரே ஆள் நடத்தும் இரண்டு கம்பெனி என்றுதான் அர்த்தம், கடன் தனித்தனி.

தொண்டி மீன்கடை:
சிஐஎன் மாறினாலே வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்ளலாமா?

கீழக்கரை ஆடிட்டர் ஆபீஸ்:
இல்லை அண்ணே. வேறு மாநிலத்துக்குப் போனாலோ பப்ளிக் லிமிடெட் ஆனாலோ எண் மாறும், வருடம் அப்படியே நிற்கும். இங்கே வருடமே 2009, 2019 என்று நிற்கிறது, பானும் வேறு. அதனால் இரண்டு பேர்தான். கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு, கோயம்புத்தூர் பதிவாளரிடம் பதிந்தது TZ என்று வரும், அங்கே எண் வரிசை தனி.

பாம்பன் கணக்கு:
DIN ஒன்று பொது. சரி, ரூ.1,86,000-க்கு 2019 கம்பெனியின் முழுப் பெயரும் சிஐஎன்னும் போட்டு நோட்டீஸ் எழுதச் சொல்லிவிட்டேன். 2021 பில்லில் ரூ.22,000 நின்றது, அது பழைய கம்பெனி மேல்தானே?

கீழக்கரை ஆடிட்டர் ஆபீஸ்:
பில்படி ஆமாம். பெயரை நீக்கினாலும் கடன் அழியாது. கடன் கொடுத்தவர் அரசிதழில் வந்த நாளிலிருந்து 20 வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் மீட்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 22,000-க்கு அந்தச் செலவு கட்டுமா? அந்த பாக்கியைப் புதிய கம்பெனி ஏற்றுக்கொண்டதாக ஏதாவது கடிதம், வாட்ஸ்அப் இருக்கிறதா?

பாம்பன் கணக்கு:
தேடிப் பார்க்கிறேன். எடை போட்ட பையன் ஏதோ அனுப்பியதாக ஞாபகம்.